செலவுக் கணக்கை அச்சிட்டவர்கள்

1980ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் கே.ஜே. யேசுதாஸ் ‘தரங்கிணி’ என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இயன் மெக்கை, ஜெஃப் நெல்சன் என்ற இரண்டு இளைஞர்கள் ‘டிஸ்கார்ட்’ என்ற இசைத்தட்டு லேபிளைத் தொடங்கினார்கள். இரண்டுமே இசைக்காரர்கள் தம் கையாலேயே தொடங்கியவை. வேறு ஒற்றுமை இல்லை. யேசுதாஸ் அப்போதே தென்னிந்தியா முழுவதும் அறிந்த குரல். மெக்கைக்கு வயது பதினெட்டு. அவரும் நெல்சனும் இருந்த ‘டீன் ஐடில்ஸ்’ இசைக்குழு ஓராண்டு வாசித்துவிட்டுக் கலைந்துபோயிருந்தது. கலையும்போது பெட்டியில் சுமார் 600 டாலர் மிச்சம். நிகழ்ச்சிகளில் கிடைத்ததைப் பங்கு போடாமல் சேர்த்து வைத்த பணம் அது. அதைக் கொண்டு, இல்லாமல் போன தங்கள் குழுவின் எட்டுப் பாடல்களை ஒரு சிறு தட்டாக வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் பிரதி.

தரங்கிணியின் ஓணப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும் கேரளத்தில் நுழையாத வீடு குறைவு. ஆனால் அந்தக் கேசட்டை வாங்கிக் கேட்டவர்களில் யாருக்கும் ‘நாமும் ஒன்று வெளியிடலாம்’ என்று தோன்றியிருக்காது. தோன்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. டிஸ்கார்டின் தட்டை வாங்கியவர்களுக்கு அது தோன்றியது. அப்படித் தோன்றிய பலர் தொடங்கவும் செய்தார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இசையின் ஆவேசம் என்றுதான் பங்க் பற்றி எழுதுபவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். என் கணிப்பு வேறு. பங்க் பரவியதற்குப் பெரிய காரணம், அது தன் செலவுக் கணக்கையும் செய்முறையையும் முகவரியையும் வெளிப்படையாக அச்சிட்டதுதான்.

*

பங்க் என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்த்தி நிறுத்திய தலைமுடியும் சட்டையில் குத்திய ஊக்கும்தான் பலருக்கு நினைவு வரும். அந்தத் தோற்றத்தைப் பெரிய நிறுவனங்கள் வெகு சீக்கிரம் விலைக்கு வாங்கிவிட்டன. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1976 அக்டோபரில் ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 1977 ஜனவரியில் க்ளாஷ் குழு சி.பி.எஸ்ஸுக்குப் போனது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பங்க் என்று ஏதாவது எட்டிப் பார்த்திருந்தால் அது இந்த வழியாக வந்ததுதான். நான் சொல்ல வருவது இன்னொரு கிளையைப் பற்றி.

க்ளாஷ் கையெழுத்திட்ட அதே மாதம், 29ஆம் தேதி, மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற நான்கு பாட்டுத் தட்டைத் தானே வெளியிட்டது. லண்டனிலிருந்து எந்த நிறுவனமும் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்ததால் ஏறத்தாழ 500 பவுன் கடன் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதியைத் தந்தவர் கிதார் வாசித்த பீட் ஷெல்லியின் அப்பா. 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் ஒலிப்பதிவு முடிந்தது. அட்டைப் படம், நகர் நடுவில் ஒரு சிலையடியில் குழுவினரை நிறுத்தி மேலாளர் ரிச்சர்ட் பூன் எடுத்த போலராய்டு புகைப்படம். லேபிளுக்கு ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆயிரம் பிரதி விற்றால் கடன் அடையும் என்பது கணக்கு. கடைசியில் சுமார் பதினாறாயிரம் விற்றது.

விற்பனையைவிடக் கவனிக்க வேண்டியது அந்த உறை. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது, அதன் மேல் பிறகு ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்பதை உறையிலேயே போட்டிருந்தார்கள். இசைத்தட்டு என்றால் மந்திரம் போல எங்கோ உருவாகி வருவது என்ற எண்ணத்தை அந்த இரண்டு தகவல்களும் குலைத்தன. பாட்டு முதல் முயற்சியிலேயே முடிந்தது என்று படிக்கும் பையனுக்கு, ஸ்டுடியோவில் பத்து நாள் இருக்கத் தேவையில்லை என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

அடுத்த அடி லண்டனிலிருந்து வந்தது. ‘டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ்’ என்ற குழு 1977 மார்ச்சில் அமைந்தது. ஒரு தட்டு வெளியிடுவதற்காகவே அமைந்த குழு அது. மேடையேறுவது அவர்கள் திட்டத்தில் முதலில் இல்லை. லேபிளின் பெயர் ‘ரீஃபில்’. முதல் தட்டு 500 பிரதி, ஆன செலவு 153 பவுன். செலவு கருதி, தட்டின் இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாட்டுகளையே போட்டார்கள். நான்கு மாதத்தில் தீர்ந்தது. 210 பவுன் லாபம். அதை மேலும் ஆயிரம் பிரதி அடிப்பதில் போட்டார்கள், அது இரண்டு வாரத்தில் தீர்ந்து, இரண்டாவது தட்டுக்குப் பணமாயிற்று. இந்த விவரங்களை அவர்கள் மறைக்கவில்லை. பாட்டிலும் உறையிலும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சேதி ஒன்றே ஒன்று: இது சுலபம், இதற்கு அதிகப் பணம் ஆகாது, நீயும் போய்ச் செய்.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 153 பவுனை 500ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 31 பென்ஸ். செலவும் லாபமும் சேர்ந்து 363 பவுன் என்றால் தட்டு ஒன்றுக்குக் கைக்கு வந்தது 73 பென்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய நிறுவனத்தில் சேர்ந்த குழுவுக்கு விற்பனையில் ஒரு சிறு சதவீதம்தான் உரிமைத்தொகை. அதிலும் முன்பணம் கழியும். இங்கே போட்ட பணத்தைவிட அதிகமான பணம் அவர்கள் கைக்கே திரும்பி வந்தது. தொகை சின்னது என்பது உண்மைதான், ஆனால் அடுத்த தட்டுக்குப் போதுமானது.

*

இந்தக் குழுவைப் பார்த்துத் தைரியம் பெற்றவர்களில் ஒருவர் கிரீன் கார்ட்சைடு. வடக்கு லண்டனின் கேம்டன் பகுதியில், பாழடைந்த ஒரு வீட்டில் நண்பர்களோடு குடியேறி, மார்க்சியம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். அவர்களுடைய குழு ‘ஸ்கிரிட்டி பொலிட்டி’ 1978இல் வெளியிட்ட முதல் தட்டின் உறையில் செலவு முழுவதும் வரிவரியாக அச்சாகியிருந்தது. கேம்பிரிட்ஜ் ஸ்டுடியோவில் 14 மணி நேரத்துக்கு 98 பவுன். நாடாவிலிருந்து மூலத்தட்டு வெட்ட 40. மின்முலாம் பூச 27. ஒரு தட்டுக்கு 13 பென்ஸ் வீதம் 2,500 தட்டு அடிக்க, வரிகள் சேர்த்து, 369 பவுனும் சில்லறையும். லேபிளில் குத்துவதற்கான ரப்பர் ஸ்டாம்பு 8. எந்த ஸ்டுடியோ, எந்த ஆலை என்பதும் முகவரியோடு இருந்தது.

இதைப் படிப்பவருக்கு ஒரு தட்டு உருவாகும் வரிசையே விளங்கிவிடுகிறது. ஸ்டுடியோவில் ஒலி நாடாவில் பதிகிறது. அந்த நாடாவை ஓட்டி, அரக்கு பூசிய ஒரு மென்மையான தட்டில் ஊசியால் வரி வெட்டுகிறார்கள். அதன் மேல் மின்முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் உலோக அச்சு கிடைக்கும். சூடான வினைல் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு. இதில் அழுத்தும் வேலை தவிர மற்ற எல்லாமே ஒரு தடவை செலவு. நூறு தட்டு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தத் தொகை மாறாது.

அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவு, வெட்டு, முலாம், ரப்பர் ஸ்டாம்பு இவை நான்கும் 173 பவுன். 2,500 தட்டுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 7 பென்ஸ், அதோடு அடிக்கும் கூலி 15 பென்ஸ், ஆக 22. அதே வேலையை 500 தட்டுக்குச் செய்தால், கூலி விகிதம் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நிலைச்செலவு மட்டும் ஒன்றுக்கு 35 பென்ஸாக ஏறிவிடும். மொத்தம் 50. அன்றைய கடை விலையில், கடைக்காரர் கழிவும் அந்த 50உம் போக மிஞ்சுவது குறைவு. ஆகவே சிறு லேபிள்காரர் எடுக்க வேண்டிய ஒரே பெரிய முடிவு எத்தனை அடிப்பது என்பதுதான். குறைத்து அடித்தால் ஒவ்வொரு தட்டிலும் மிஞ்சுவது சுருங்கும். கூட்டி அடித்தால் படுக்கையறை முழுவதும் விற்காத பெட்டி. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் 500 தட்டிலேயே தப்பித்ததற்குக் காரணம் நிலைச்செலவை அவர்கள் எலும்பு வரை சுரண்டியிருந்ததே. ஒரே இரண்டு பாட்டை இரு பக்கமும் போட்டதன் பொருள் அங்கே இருக்கிறது.

சிற்றிதழ் நடத்திய எவருக்கும் இது பழகிய தலைவலிதான். அச்சுக்கோப்புக் கூலி இருநூறு பிரதிக்கும் அதேதான், இரண்டாயிரத்துக்கும் அதேதான். கூடுவது தாளும் ஓட்டுக்கூலியும் மட்டும்.

*

செலவை உறையில் போட்டால் மட்டும் போதுமா? தட்டை வாங்கியவர்தானே உறையைப் படிப்பார். வாங்காதவருக்குச் செய்தியைக் கொண்டுபோனது ரசிகர் இதழ்கள், அவர்கள் சொல்லும் பெயரில் ஃபேன்ஸீன்.

இவற்றில் பேர்போனது ‘ஸ்னிஃபின் க்ளூ’. மார்க் பெர்ரி என்ற பத்தொன்பது வயது வங்கிக் குமாஸ்தா 1976 ஜூலையில், ரமோன்ஸ் குழுவின் கச்சேரியைக் கேட்ட சூட்டில், சிறுவர்களுக்கான தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்புகளை மார்க்கர் பேனாவால் கிறுக்கி, தோழியின் அலுவலகத்தில் நகலெடுத்து, ஓரத்தில் பின் அடித்து வெளியிட்டார். முதலில் சுமார் ஐம்பது பிரதி. ஓராண்டுக்குள் ஆயிரக்கணக்கில் விற்றது. பன்னிரண்டாவது இதழோடு, 1977இல், அவரே நிறுத்திவிட்டார். வாசகர்களிடம் அவர் கேட்டுக்கொண்டது, என் இதழையே படித்துக்கொண்டிருக்காதீர்கள், உங்களுடையதைத் தொடங்குங்கள் என்பது. தொடங்கவும் செய்தார்கள். கிதாரின் மூன்று சுரக்கூட்டுகளைப் படம் போட்டு, இவ்வளவுதான், இனி ஒரு குழு அமையுங்கள் என்று சொன்ன அந்தப் புகழ்பெற்ற பக்கம் ஸ்னிஃபின் க்ளூவில் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது 1977 ஜனவரியில் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற மற்றொரு சிறு இதழில் வந்தது.

பெர்ரியின் எழுத்து நடை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இதழ்களின் பின்பக்கங்கள். வந்த தட்டுகள், வந்த இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விமர்சனம், விலை, தபால் முகவரி. நம் சிற்றிதழ்களின் ‘வரப்பெற்றோம்’ பகுதி செய்த அதே வேலை. தலையங்கத்தை மறந்துவிடுவோம், அந்தப் பகுதியில் கிடைத்த முகவரிக்கு மணியார்டர் அனுப்பித்தான் பலர் ஓர் இயக்கத்துக்குள் நுழைந்தார்கள். இங்கிலாந்தில் நுழைந்தவரின் பெயர் அடுத்த சுற்றில் அதே பக்கத்தில் வரும், லேபிள் தொடங்கியவராக.

அச்சடிக்கவும் ஆள் இருந்தார்கள். லண்டனில் ‘பெட்டர் பேட்ஜஸ்’ என்ற பெயரில் சட்டையில் குத்தும் வில்லைகள் விற்றுக்கொண்டிருந்த ஜாலி மக்ஃபி, ஆஃப்செட் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ரசிகர் இதழ்களை முதலில் அடித்துத் தருகிறேன், விற்ற பிறகு பணம் கொடுங்கள் என்றார். நம் ஊரில் அச்சகக்காரர் நண்பராக இருந்ததால் மட்டுமே வெளிவந்த இதழ்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கடை என்று பார்த்தால் ‘ரஃப் டிரேட்’. ஜெஃப் டிராவிஸ் 1976இல் மேற்கு லண்டனில் தொடங்கிய இசைத்தட்டுக் கடை. பெட்டியோடு வந்து நின்ற குழுக்களின் தட்டுகளை வாங்கிக்கொண்டது, பிறகு மற்ற ஊர்க் கடைகளுக்கு மொத்தமாக அனுப்பத் தொடங்கியது. 1978இல் தானே லேபிளும் ஆனது. செலவு கழித்து லாபத்தில் பாதிப் பாதி என்பது அதன் வழக்கம். யார்க், லிவர்பூல், பிரிஸ்டல், நாரிச், எடின்பரோ என்று இதே போன்ற கடைகள் சேர்ந்து ‘கார்ட்டல்’ என்ற விநியோகக் கூட்டணி உருவானது. பெரிய நிறுவனத்தின் லாரி போகும் ஊருக்கெல்லாம் அந்த நிறுவனத்தின் தயவில்லாமல் தட்டு போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

இதில் பொதுப்பணத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சுயசார்பு பற்றிப் பெருமை பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பி.பி.சி. பொதுப்பணத்தில் நடக்கும் வானொலி. அதில் இரவு நேரத்தில் ஜான் பீல், தபாலில் வந்த முகம் தெரியாத தட்டுகளை எடுத்துப் போட்டார். வேலையில்லாதவர்களுக்குக் கிடைத்த வாராந்திரப் படி இல்லாவிட்டால் இந்த இளைஞர்களில் பலருக்குக் கிதாரைத் தொட நேரம் இருந்திருக்காது. மலிவான, தவறாத தபால் துறையும் அப்போது அரசுடையதுதான்.

*

இனி நம் பக்கம். திருவனந்தபுரத்தில் 1977இல் இதே ஆசை ஒருவருக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டு எழுதியிருக்கலாம், வாசித்திருக்கலாம். தட்டாக்க முடிந்திருக்காது. இந்தியாவில் இசைத்தட்டு அடித்த ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தம்தம்மிலிருந்த கிராமபோன் கம்பெனியின் ஆலை அவற்றில் மூத்தது. ஆலையும் லேபிளும் ஒரே நிறுவனத்தின் கையில். ஐநூறு தட்டுக்குப் பணத்தோடு போய் நிற்கும் முகவரியற்ற பையனுக்கு அங்கே கதவு எளிதில் திறக்காது. 1970லும் 1971லும் இந்திய ராக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வந்த ‘சிம்லா பீட்’ தட்டுகளுக்குப் பின்னால் ஒரு சிகரெட் கம்பெனியின் விளம்பரப் பணம் இருந்தது. வானொலி நிலையத்துக்குப் போனால் குரல் தேர்வு. இங்கிலாந்துக்காரர்களுக்கு அமைந்தது பணத்தை வாங்கிக்கொண்டு யாருடையதை வேண்டுமானாலும் அடித்துத் தரும் ஆலை. பங்க்கின் செய்முறை அந்த ஒற்றை வசதியின் மேல் நின்றது.

ஆனால் இதே ஊரில் அச்சகம் திறந்திருந்தது. ட்ரெடில் இயந்திரம் வைத்திருந்த எந்த அச்சகத்துக்கும் போய், தாள் வாங்கிக் கொடுத்து, முந்நூறு பிரதி அடித்துக்கொண்டு வரலாம். நீ யார் என்று கேட்க மாட்டார்கள். எனவே இங்கே ‘நீயே செய்’ என்பது இசையில் நடக்காமல் இலக்கியத்தில் நடந்தது, அதுவும் பங்க் என்ற பேச்சே எழுவதற்கு முன்னால். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி, அதாவது நகுலன், 1968இல் இங்கிருந்து ‘குருக்ஷேத்ரம்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். எந்தப் பெரிய பதிப்பகத்துக்கும் தேவைப்படாத எழுத்து, தேவைப்பட்டவர்களே திரட்டியது. சென்னையில் சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் ‘எழுத்து’ நடத்தினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்த இதழ் அது. அந்த இரண்டாயிரத்தை அது எட்டவே இல்லை என்பது வேறு விஷயம். புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களுக்குப் போனவர் செல்லப்பா.

இந்த இரண்டு மரபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. நம் சிற்றிதழ்காரர்கள் நஷ்டத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்குச் செலவைப் பற்றிச் சொல்லவில்லை. சந்தா வரவில்லை, கடைக்காரர் பணம் தரவில்லை, மனைவியின் நகை போயிற்று என்பதெல்லாம் தலையங்கங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் உண்டு. ஒரு பாரத்துக்கு அச்சுக்கோப்புக் கூலி எவ்வளவு, எத்தனை ரீம் தாள், எந்த அச்சகம், தபாலுக்கு என்ன ஆயிற்று என்று வரிவரியாகப் போட்ட இதழ் என் கண்ணில் பட்டதில்லை. சொல்லும் விதம் தியாகத்தின் விதம். தியாகத்தைப் படிப்பவர் கும்பிடுவார். விலைப்பட்டியலைப் படிப்பவர் அச்சகத்துக்குப் போவார். டெஸ்பரேட் பைசிக்கிள்ஸின் 210 பவுன் லாபக் கணக்கைப் படித்த இளைஞனுக்கு வந்த தைரியம், செல்லப்பாவின் கதையைக் கேட்ட இளைஞனுக்கு வந்திருக்குமா? பயம்தான் வந்திருக்கும்.

*

இசைக்குத் திரும்புவோம். இந்தியாவில் ரசிகர் இதழின் வேலையைச் செய்ததாக நான் சொல்லக்கூடியது ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’. அமித் சைகலும் ஷேனா கமாட்டும் 1993இல் தொடங்கினார்கள். பம்பாயிலோ தில்லியிலோ அல்ல, அலகாபாதில். பெரிய இதழ்கள் திரும்பிப் பார்க்காத இந்தியக் குழுக்களைப் பற்றி எழுதினார்கள், அவற்றின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள், பிறகு விழாவும் நடத்தினார்கள். கொச்சியிலும் ஷில்லாங்கிலும் இருந்த பையன்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது இப்படிப்பட்ட பக்கங்களில்தான். 2012 ஜனவரியில் சைகல் இறந்தபோது ஒரு தலைமுறை இசைக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாக நினைத்து அழுதார்கள்.

திருவனந்தபுரத்தில் 2003இல் ‘அவியல்’ குழு உருவானது. நாட்டார் மெட்டும் மலையாளச் சொல்லும் கொண்ட ராக். அவர்களுடைய முதல் தொகுப்பு 2008இல் வந்தது, மும்பையின் ‘ஃபேட் ஃபிஷ்’ லேபிள் வழியாக. இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளைக் கவனியுங்கள். இதே ஊரின் த்ராஷ் மெட்டல் குழு ‘கேயாஸ்’, பங்க்கின் வேகத்துக்குப் பக்கத்து வீட்டு இசை வாசிப்பவர்கள். அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு, குணால் சோக்ஸி மும்பையிலிருந்து நடத்தும் ‘டிரான்ஸெண்டிங் அப்ஸ்க்யூரிட்டி’ என்ற சிறு லேபிளில் வந்தது. சோக்ஸி முதலில் மெட்டல் இசைக்கு விமர்சனம் எழுதியவர். எழுதி எழுதி உலகம் முழுவதும் முகவரிகள் சேர்ந்த பிறகு லேபிள்காரர் ஆனவர். அமெரிக்காவில் ‘டச் அண்ட் கோ’, ‘சப் பாப்’ என்ற இரண்டு லேபிள்களும் இதே பெயர் கொண்ட அல்லது இதை ஒட்டிய பெயர் கொண்ட ரசிகர் இதழ்களிலிருந்துதான் பிறந்தன. இதழ் நடத்துபவரிடம் சேர்வது பணம் அல்ல. யார் வாங்குவார், எந்தக் கடைக்காரர் பணத்தை ஒழுங்காகத் தருவார் என்ற பட்டியல் சேரும். லேபிளின் மூலதனம் அது.

*

இந்த வழி எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். தோல்வியால் உடைவதைவிட வெற்றியால் உடைந்ததுதான் அதிகம். ஆயிரம் தட்டு அடித்த லேபிளுக்கு ஒரு பாட்டு பிடித்துப்போய்ப் பத்தாயிரம் கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு உடனே பணம் கட்ட வேண்டும். விநியோகக்காரரிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆகும். இடையில் கடன். கேட்பு திடீரென்று நின்றால் கடனும் மிஞ்சும், தட்டும் மிஞ்சும். விநியோகக்காரரே விழுந்தால் சொல்லவே வேண்டாம். ரஃப் டிரேடின் விநியோகப் பிரிவு 1991இல் திவாலானபோது அதை நம்பியிருந்த சின்ன லேபிள்களின் வரவேண்டிய பணம் அதோடு சிக்கிக்கொண்டது. அவர்கள் பெரிய நிறுவனத்தைத் தவிர்த்தார்கள், ஆனால் ஒரே ஒரு வாசல் வழியாகப் போகும் பழக்கத்தைத் தவிர்க்கவில்லை.

டிஸ்கார்ட் தப்பித்தது. எப்படி என்று பார்த்தால் எல்லாமே குறுக்கிக்கொண்ட முடிவுகள். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாய்ச்சொல்தான், லாபத்தில் பங்கு. தபால் செலவு உட்பட இன்ன விலை என்று தட்டிலேயே அச்சிட்டு, அந்த விலைக்கு வீட்டு முகவரியிலிருந்து அனுப்புவது. கடைக்காரர் அதற்கு மேல் விலை வைத்தால் வாங்குபவர் நேரே எழுதிக் கேட்கலாம். முதல் தட்டுக்கு உறை எப்படிச் செய்வது என்று தெரியாமல், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் உறையைப் பிரித்துப் படுக்க வைத்து, அதன் மேல் கோடு போட்டு அளவெடுத்தார்கள். அச்சகத்தில் தாளை மட்டும் அடித்துக்கொண்டு வந்து, நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரித்து, மடித்து, ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கான உறைகள் இப்படிக் கைவேலையாகவே போயின. மெக்கை பிறகு நடத்திய ‘ஃபுகாசி’ குழு பெரும் கூட்டம் சேர்த்த நாட்களிலும் நுழைவுச் சீட்டை ஐந்து டாலரை ஒட்டியே வைத்திருந்தது. டிஸ்கார்ட் இன்றும் இயங்குகிறது. ஆனால் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து உலகம் முழுவதன் பங்க் செய்திகளையும் 1982 முதல் அச்சிட்டுவந்த ‘மேக்சிமம் ராக்கன்ரோல்’ இதழ் 2019இல் அச்சை நிறுத்தியது.

இன்று திருவனந்தபுரத்தில் ஒரு குழு பாட்டைப் பதிவது வீட்டுக் கணினியில் நடக்கிறது. வெளியிட ஆலை வேண்டாம். 1977இல் மூடியிருந்த கதவு திறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பாட்டு போய்ச் சேரும் இடம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் செயலி. யாருக்கு எது கேட்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. கேட்டவரின் முகவரி குழுவின் கைக்கு வருவதில்லை. ரஃப் டிரேடில் கண்ட ஒற்றை வாசல்தான், இன்னும் பெரிதாக. வெள்ளையம்பலத்தின் மானவீயம் வீதியில் மாலையில் வாசிக்கும் பையன்களிடம் பேசினால் கேமரா, எடிட்டிங், விளம்பரம் பற்றி விவரமாகச் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு மொத்தம் என்ன ஆயிற்று, என்ன திரும்பி வந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். பணம் பேசுவது கலைக்கு அழகில்லை என்ற கூச்சம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தால் லாபம் அடைவது பெரிய நிறுவனம் மட்டுமே, ஏனென்றால் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அதுவாக இருக்கும்வரை எல்லோரும் அதனிடம்தான் போக வேண்டும்.

எனவே இந்த ஊரில் பாட்டு வெளியிடுபவர்களிடமும், நாகர்கோவிலிலும் நெல்லையிலும் இன்னும் இதழ் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தொகுப்பின் பின்னட்டையில் நன்றிப் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கி, நான்கு வரிக்கு இடம் விடுங்கள்: எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை பாரம், எந்த ஸ்டுடியோ அல்லது எந்த அச்சகம், எத்தனை பிரதி, மொத்தம் எத்தனை ரூபாய். கீழே ஒரு தபால் முகவரி.